தவழும் குழந்தை, தாவும் பூனை, நடுவில் கொலு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பையனுக்குப் பதினாலு மாசம். வீட்டுல பூனை வேற இருக்கு. இந்த வருஷம் கொலு வைக்கலாமா, விட்டுடலாமா?

வையுங்கள். போன வருஷம் வைத்த அதே உயரத்தில் மட்டும் வைக்காதீர்கள். முதலில் ஒரு அளவு எடுங்கள். பையனைச் சுவர் ஓரமாக நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு பிஸ்கட்டை நீட்டுங்கள். நுனிக்காலில் எம்பி அவன் விரல் எட்டும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேல் உங்கள் கையால் ஒரு சாண் சேர்த்து இன்னொரு கோடு. அந்த இரண்டாவது கோடுதான் ஒன்பது நாளும் வீட்டின் எல்லைக்கோடு.

எங்கள் வீட்டில் அந்தக் கோடு தரையிலிருந்து சுமார் மூன்றரை அடியில் வந்தது. படி ஒவ்வொன்றும் 10 அங்குலம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஐந்து படியில் நான்கு படி பையனின் ராஜ்ஜியத்துக்குள் விழுகிறது. அதனால் அந்த வருஷம் ஐந்தை மூன்றாகக் குறைத்தோம். ஒற்றைப்படைக் கணக்கும் கெடவில்லை. சாப்பாட்டு மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் மேல் மூன்று படி, மேசை விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி வைத்தோம். நாற்காலிகள் எல்லாம் பக்கத்து அறைக்குப் போய்விட்டன. நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டால் மேசை ஏறிய பயனே இல்லை, அதைப் பிடித்து ஏற அவனுக்கு இரண்டு நிமிஷம் போதும்.

பூனைக்கு இந்தக் கோடு செல்லாது. அதன் கதை கீழே தனியாக வருகிறது.

மேசை போட இடமில்லை, தரையிலதான் படி. கீழ்ப்படியில என்னதான் வைக்கறது?

என்ன வைப்பது என்பதற்கு முன்னால் துணியைப் பாருங்கள். படியின் மேல் விரிக்கிற வேட்டியின் கீழ்விளிம்பு தரையை ஒட்டித் தொங்கும். எழுந்து நிற்கப் பழகும் குழந்தை எதைப் பிடித்து எழும்? அதைத்தான். ஒரு இழுப்பில் மேல்படி தசாவதாரம் வரைக்கும் வந்துவிடும். விளிம்பைக் கடைசிப் பலகைக்கு அடியில் மடித்துச் செருகி, ஒவ்வொரு பலகைக்கும் பின்பக்கம் நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். குண்டூசி வேண்டவே வேண்டாம். கட்டி முடித்ததும் நீங்களே உட்கார்ந்து துணியை ஒரு கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் பொம்மையை இன்னும் ஏற்றாதீர்கள். படியின் சட்டத்தையும் சுவரில் ஆணியடித்துக் கட்டிவிட்டால் ஏறினாலும் கவிழாது.

வழக்கமாகக் கீழ்ப்படிக்கு வருவது செட்டியார் கடையும் பூங்காவும். இந்த வீட்டில் இரண்டும் அங்கே வரக்கூடாது. செட்டியாருக்கு முன்னால் குவித்து வைத்த துவரம்பருப்பு, மொச்சை, பட்டாணி, விரல்நுனி அளவு மண்சட்டி எல்லாமே சரியாக வாய்க்குள் போகும் அளவு. செட்டியாரை மேல்படிக்குக் கடை மாற்றிவிடுங்கள். மகாவிஷ்ணுவுக்குப் பக்கத்தில் வியாபாரம் பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபம் இருக்காது.

கீழே துணி பொம்மை, பெரிய மரச் செப்பு, மூங்கில் கூடை, மரப்பாச்சி. மரப்பாச்சி பாட்டி காலத்திலிருந்தே குழந்தை கையில் கொடுக்கிற சாமான்தான். ஒரே ஒரு நிபந்தனை: இந்த வருஷம் அதற்குப் புடவை கட்டி, பசையால் கல்லும் மணியும் ஒட்டியிருந்தால் அது மேல்படிக்குரியது. கீழே இருப்பது வெறும் மரமாக இருக்கட்டும்.

மணின்னா எவ்வளவு சின்னதா இருந்தா ஆபத்து?

பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள். உள்விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆகாது என்பது விதி. நம் கையில் அந்த உருளை கிடையாது, பத்து ரூபாய் நாணயம் உண்டு. அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். நாணயத்தைவிடச் சற்றுப் பெரியதாக இருப்பதுகூட உருளைக்குள் போய்விடும் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். உருண்டையாக இருந்தால் இன்னும் கண்டிப்பு வேண்டும். தட்டையான சாமான் தொண்டையில் மாட்டினாலும் ஓரத்தில் கொஞ்சம் காற்றுக்கு வழியிருக்கலாம். உருண்டை மூடிபோல் உட்கார்ந்துவிடும்.

பாசிமணி மாலையில் ஆபத்து மணியைவிட நூலில்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் தோரணங்கள் பெரும்பாலும் ஒரே நூலில் கோத்தவை. ஓரிடத்தில் அறுந்தால் நாற்பது மணியும் சோபாவுக்கு அடியில் உருளும். நீங்களே கோப்பதானால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு முடிச்சுப் போடுங்கள். அறுந்தாலும் ஒன்றுதான் விழும். எத்தனை மணி கோத்தீர்கள் என்பதை காலண்டரில் எழுதி வையுங்கள். என்றைக்காவது எண்ண வேண்டி வரும்.

ஒன்றை மட்டும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். பூங்காக் குளத்துக்குப் போடுகிற ஜெல் உருண்டை. கடுகுபோல் இருக்கும், தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டாகும். விழுங்கினால் குடலுக்குள்ளும் அதையேதான் செய்யும். ஊதி அடைத்துக்கொள்ளும், சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. குளத்துக்குக் கண்ணாடித் துண்டும் வேண்டாம். நீலக் காகிதத்தின் மேல் பாலித்தீன் தாள் ஒட்டினால் போதும், பார்க்கவும் தண்ணீர் மாதிரியே இருக்கும்.

சுண்டல் கூடவா கொடுக்கக் கூடாது?

முழுசாகக் கொடுக்கக் கூடாது. வேர்க்கடலைச் சுண்டலும் கொண்டைக்கடலைச் சுண்டலும் நான்கு வயது வரைக்கும் மணிக்குச் சமம்தான். நசுக்கி, உட்காரவைத்து ஊட்டுங்கள். வந்த மாமி ஆசையாகக் கையில் ஒரு பிடி கொடுப்பார், அங்கேதான் தவறும். நாங்கள் வெற்றிலைப் பாக்குத் தட்டையும் சுண்டல் கிண்ணத்தையும் வாசல் பக்கத்து உயர அலமாரியில் வைத்துவிட்டோம்.

நெருப்பே வேண்டாம்னு எல்இடி அகல் ஒரு டஜன் வாங்கிட்டோம். இனி கவலை இல்லைதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு அகலைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் நகத்தால் நெம்பித் திறக்கும் ஒரு மூடி. அதற்குள் நாணயம்போல் பளபளவென்று ஒரு பேட்டரி. மேலே CR2032 என்று எழுதியிருக்கும். 20 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். குழந்தையின் உணவுக்குழாயில் போய்ச் சரியாக நின்றுவிடும் அளவு அது.

விழுங்கினால் விஷம் கசிந்துதான் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். கசிய வேண்டியதே இல்லை. இரண்டு பக்கமும் ஈரமான சதையில் பட்டதும் மின்சாரம் ஓடத் தொடங்கும். மைனஸ் முனைப் பக்கம் சோடாக்காரம் மாதிரி ஒரு காரம் உண்டாகி, சதையைக் கரைத்துப் புண்ணாக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய சேதம் ஆகிவிடலாம். பேட்டரியை வெளியே எடுத்த பிறகும் புண் ஆழமாகிக்கொண்டே போவதுண்டு. அகல் எரிய மறுத்த தீர்ந்த பேட்டரியிலும் இதைச் செய்யப் போதுமான சக்தி மிச்சமிருக்கும். அதனால் தீர்ந்ததைக் குப்பைக்கூடையில் போடுவது, அலமாரி மூலையில் போடுவது இரண்டும் தப்பு. மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே கதைதான். அங்கே சொட்டுமருந்து எதுவும் விடாதீர்கள், ஈரம் பட்டால் வேகம்தான் கூடும்.

எண்ணெய் விளக்கின் ஆபத்து கண்ணுக்குத் தெரியும், அதனால் பெரியவர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். இந்தப் பிளாஸ்டிக் அகலைக் குழந்தை கையிலேயே கொடுத்து விளையாட விடுவார்கள். கவலை அங்கேதான்.

இனி வாங்குவதானால் திருகாணி போட்டு மூடிய பேட்டரிப் பெட்டி உள்ளதாகப் பாருங்கள். பேனா பேட்டரி போடும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. பாட்டிலுக்குள் விடுகிற தக்கை விளக்கு, பளிச்சிடும் வளையல், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை எல்லாவற்றிலும் பட்டன் பேட்டரிதான் இருக்கும். வாங்கியாகிவிட்டது, திருப்ப முடியாது என்றால் மூடியைச் சுற்றி அகலமான டேப்பை இரண்டு சுற்று ஒட்டி, எல்லைக்கோட்டுக்கு மேலே வையுங்கள். டேப் பூட்டு ஆகிவிடாது, கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

மூடி திறந்து கிடக்கு, பேட்டரியைக் காணோம். குழந்தை நல்லாத்தான் விளையாடுது. ரெண்டு மணி நேரம் பார்த்துட்டுப் போகலாமா?

பார்க்காதீர்கள், கிளம்புங்கள். எச்சில் ஒழுகுவது, சாப்பாட்டைத் தள்ளுவது, இருமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுவது இவையெல்லாம் வரலாம். எதுவும் வராமலும் இருக்கலாம். அறிகுறிக்குக் காத்திருந்தால் சேதத்துக்குக் காத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

என் நாத்தனார் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் நாள் சாயந்திரம், பேரனுக்கு ஒன்றரை வயது. பன்னிரண்டு அகலில் ஒன்று குப்புறக் கிடந்தது. மூடி மட்டும் இருந்தது, பேட்டரி இல்லை. எல்லோரும் தரையில் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். பத்து நிமிஷம் அப்படியே போயிற்று. அந்தப் பத்து நிமிஷம் வீண். பிறகு பெரியவர் ஒருவர் மட்டும் தேடட்டும் என்று விட்டுவிட்டு மற்றவர்கள் ஆட்டோவில் ஏறினார்கள். மிச்சமிருந்த ஒரு அகலையும் கையோடு எடுத்துப் போனதுதான் சமயோசிதம். என்ன பேட்டரி என்று டாக்டர் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

வழியில் தேன் கொடுத்தார்கள். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருக்கும், விழுங்குவதில் சிரமம் இல்லை என்றால் 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன் தேனைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, ஆறு தடவைக்கு மேல் போகாமல் கொடுக்கலாம். பேட்டரிக்கும் சதைக்கும் நடுவில் படிந்து காரத்தைக் கொஞ்சம் தணிக்கும். தேன் வைத்தியம் ஆகாது, வீட்டில் தேன் இல்லையென்றால் கடைக்கு ஓடி நேரத்தைப் போக்காதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே தேனே கூடாது. வேறு பால், சோறு, தண்ணீர் எதுவும் வேண்டாம். மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டி வந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது.

ஆஸ்பத்திரியில் “நாணயமாக இருக்கலாம்” என்று யாராவது ஆறுதல் சொன்னால், பட்டன் பேட்டரி என்று சந்தேகிக்கிறோம் என்று அழுத்திச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் பேட்டரியின் ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும், நாணயத்துக்கு அது இருக்காது. நாத்தனார் பேரனுக்குக் கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் எடுத்த படத்தில் ஒன்றும் இல்லை. பேட்டரி அன்று ராத்திரி பூனை படுக்கும் சாக்குக்குள் கிடைத்தது. அகலை உருட்டியது பூனைதான்.

மாமியார் நிஜ விளக்கு ஏத்தாம கொலுவே கிடையாதுங்கறாங்க. என்ன செய்ய?

அவர் சொல்வதும் சரிதான், ஒரு விளக்கு ஏற்றுங்கள். ஆனால் குத்துவிளக்கு தரையில் எரிய வேண்டாம். அது பார்க்கக் கனமாக இருந்தாலும் அடிப்பாகம் சிறியது, உயரம் அதிகம். நாமோ அதன் கழுத்தில் ஒரு முழம் கதம்பத்தைத் தொங்கவிட்டு, இழுப்பதற்குக் கயிறும் கொடுத்துவிடுகிறோம். குத்துவிளக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ஏற்றாமல் நிறுத்துங்கள், அதையும் சுவர் மூலையில். எரிவது ஒரு காமாட்சி விளக்கு. அதை ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி நடுவில் பதித்து, எல்லைக்கோட்டுக்கு மேலே வையுங்கள். பூனையின் வால் உரசிப் போகும் பாதையாக அது இருக்கக் கூடாது. மேலே மூன்றடிக்குக் காகிதத் தோரணமோ துணியோ இல்லாமல் பாருங்கள். நெருப்புக்கு நேர் மேலேதான் சூடு அதிகம், பக்கவாட்டில் கைவைத்துப் பார்த்துச் சரி என்று நினைத்துவிடுவோம்.

பாட்டுப் பாடி முடித்து எல்லோரும் எழும்போது விளக்கைப் பூவால் மலையேற்றிவிடுங்கள். தீப்பெட்டி விளக்குப் பக்கத்திலேயே இருக்கும், அதையும் எடுங்கள். கற்பூர டப்பாவையும் எடுங்கள். வெள்ளையாகக் கல்கண்டுபோல் இருக்கும் அதைக் குழந்தை கொஞ்சம் தின்றாலும் சில நிமிஷத்திலேயே வலிப்பு வரலாம். அப்படி ஆனால் வாந்தி எடுக்கவைக்காமல் நேராக 108-ஐ அழையுங்கள்.

சூடான எண்ணெய் கொட்டிவிட்டால் குழாயைத் திறந்து சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். நனைந்த பாவாடையைக் கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். பற்பசை, மஞ்சள், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். உள்ளங்கை அளவைத் தாண்டினாலோ முகம், கை, மூட்டு என்றாலோ ஆஸ்பத்திரிக்கு.

சீரியல் செட்ல ஒவ்வொரு பல்பும் சின்ன வோல்ட்தானே? ஷாக் அடிக்குமா?

அடிக்கும். நேராகப் பிளக்கில் சொருகும் செட்டில் 230 வோல்ட்டும் சங்கிலி முழுக்கப் பங்காகிறது. எல்லாம் எரியும்போது ஒரு பல்புக்குக் கிடைப்பது சில வோல்ட்தான், சரி. ஆனால் ஒரு பல்பைக் குழந்தை பிடுங்கிவிட்டால் சங்கிலி அறுகிறது. அப்போது அந்த இடைவெளியின் இரண்டு முனைக்கும் நடுவில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். சங்கிலி எரியாது, அதனால் கரன்ட் இல்லை என்று நினைப்போம். எரியாத செட்தான் அதிக ஆபத்து. கை வைப்பதற்கு முன் பிளக்கையே பிடுங்குங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, சில வீடுகளில் ஸ்விட்ச் தப்பான கம்பியில் இருக்கும்.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவு ட்ரிப்பர் இருந்தால் நல்லது, இருக்கட்டும். கரன்ட் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால்தான் அது விழும். இரண்டு கம்பியையும் ஒரே நேரத்தில் வாயில் வைத்தால் அது கண்டுகொள்ளாமல் போகலாம். ஆகவே கைக்கு எட்டும் உயரத்தில் மெயின் செட்டே வேண்டாம். மொபைல் சார்ஜரில் 5 வோல்ட்டில் எரியும் செம்புக்கம்பி விளக்கு இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது, அதைப் போடுங்கள். சார்ஜர் உயரத்தில் இருக்கட்டும்.

ஷாக் இல்லாத கம்பியும் கழுத்தில் மாட்டும் என்பதை மறக்காதீர்கள். வளைந்து தொங்கும் இடமே இருக்கக் கூடாது. கம்பியைப் படியின் பின்பக்கமாக ஏற்றி, கைச்சாண் இடைவெளிக்கு ஒரு டேப். மிச்சக் கம்பியைச் சுருட்டி மேல்படிக்குப் பின்னால் கட்டிவிடுங்கள்.

நாய்க்குட்டி ஒயரைக் கடிச்சுடுச்சு. ஒரு தடவை கத்துச்சு, இப்ப ஓடியாடுது. விட்டுடலாமா?

முதலில் பிளக்கைப் பிடுங்கிய பிறகே குட்டியைத் தொட்டீர்களா? நல்லது. உதட்டையும் நாக்கையும் விலக்கிப் பாருங்கள். வெளுத்தோ கருகியோ ஒரு கோடு இருந்தால் அது சுட்ட புண். ஓடியாடினாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மின்சாரம் பட்ட பிறகு சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். ராத்திரியில் மூச்சு வேகமாக வாங்கினாலோ, இருமினாலோ, ஈறு நீலமாகத் தெரிந்தாலோ விடியும்வரை பொறுக்காதீர்கள்.

பூனையை எப்படித்தான் படியில ஏறாம தடுக்கறது?

முழுசாகத் தடுக்க முடியாது. அதற்குப் படியைவிட உயரமான ஓரிடம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் பூனைக்கு பீரோ மேல் ஒரு அட்டைப்பெட்டி, பழைய துண்டு. முதல் இரண்டு நாள் படியின் விளிம்பில் அலுமினியத் தாளை ஒட்டி வைத்தோம். கால் வைத்ததும் சத்தம் பிடிக்காமல் இறங்கிவிட்டது. மேல்படியின் மண் பொம்மைகளின் அடியில் இருபக்க டேப்.

எனக்குப் பயம் பூனை பொம்மையை உடைப்பதில் இல்லை, நூலில்தான். ஜிகினா சரம், சரிகை நூல், பூ கட்டிய நார் இவற்றைப் பூனை விளையாட்டாகக் கவ்வும். அதன் நாக்கில் உள்ள முட்கள் உள்பக்கம் சாய்ந்தவை, வாய்க்குள் போனது வெளியே வராது. ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போய், குடல் சுருக்குப்பைபோல் மடிந்துகொள்ளும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். இறுகிய நூல் குடலை அறுத்துவிடும். வெட்டவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அதனால் இந்த வீட்டில் ஜிகினாவே வேண்டாம் என்பது என் கட்சி. காகிதத் தோரணம் கிழிந்தால் கிழியட்டும்.

பூவில் அரளி மட்டும் வேண்டாம். உதிர்ந்த பூவை நாயும் தின்னும், குழந்தையும் தின்னும், யாருக்குமே அது ஆகாது.

விஜயதசமி ராத்திரி பொம்மையைப் படுக்க வச்சாச்சு. இனி நிம்மதிதானே?

இன்னும் ஒரு வேலை பாக்கி. பொம்மையைப் பெட்டியில் சுற்றி வைக்கும்போது பாச்சை உருண்டை போடுவது நம் வழக்கம். போன வருஷப் பெட்டியைத் திறந்தபோதே பாதி கரைந்த உருண்டை ஒன்றிரண்டு உருண்டிருக்கும், தேடிப் பாருங்கள். மிட்டாய் மாதிரி இருக்கும் அந்த உருண்டை ஒன்றே சில குழந்தைகளுக்கு இரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய்விடும், நாய்க்கும் ஆகாது. அதற்குப் பதில் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடுங்கள். அப்புறம் அந்தக் காலண்டரை எடுத்து மணிகளையும் அகல் பேட்டரிகளையும் எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக வந்த பிறகு பெட்டியைப் பரணில் ஏற்றலாம்.